லீவு முடிந்தும் ஆள் வரவில்லை: சம்பளப் பிடித்தமா, சார்ஜ் ஷீட்டா?

கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். லேத் ஆபரேட்டர் ஒருவர் ஊரில் கோயில் கொடை என்று ஆறு நாள் லீவு கேட்கிறார். மே 4, திங்கள் முதல் 9, சனி வரை லீவு சாங்ஷன் ஆகிறது. ஞாயிறு வார விடுமுறை. 11-ஆம் தேதி திங்கள் காலை ஷிப்டுக்கு அவர் வரவேண்டும். வரவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு ஹெச்.ஆர். மேசையில் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. பெரும்பாலான இடங்களில் எதுவும் நடப்பதில்லை. வருகைப்பதிவில் ஆப்சென்ட் விழும், மாதக் கடைசியில் பேரோல் மென்பொருள் அதைத் தானாகவே 'லாஸ் ஆஃப் பே' என்று மாற்றிக்கொள்ளும், சம்பளச் சீட்டிலும் அப்படியே அச்சாகும். ஆறு மாதம் கழித்து அதே நாட்களுக்காக அவர்மேல் நடவடிக்கை எடுக்கும்போது, தொழிலாளர் தரப்பு வக்கீல் அந்தச் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டி, "நீங்களே சம்பளமில்லா விடுப்பு கொடுத்துவிட்டீர்களே, அப்புறம் என்ன குற்றம்?" என்று கேட்பார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒரே பெயரால் அழைப்பது. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது வெறும் கணக்கு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், யாரையும் மன்னித்ததாகவும் ஆகாது. சம்பளமில்லா விடுப்பு அனுமதிப்பது என்பது முடிவு. அதிகாரம் உள்ள ஒருவர் காரணத்தைக் கேட்டு, ஏற்றுக்கொண்டு, "சரி, அந்த நாட்களை விடுப்பாகவே வைத்துக்கொள்கிறேன், சம்பளம் மட்டும் இல்லை" என்று சொல்வது. முதலாவதைச் செய்த பிறகும் நடவடிக்கை எடுக்கலாம். இரண்டாவதைச் செய்தால் கதை அங்கேயே முடிந்தது.

உச்ச நீதிமன்றம் இதை 2008-இல் பஞ்சாப் அரசுக்கும் பி.எல். சிங்லாவுக்கும் இடையிலான வழக்கில் தெளிவாகவே சொன்னது. அனுமதியின்றி வராமல் இருப்பதும், லீவு முடிந்த பிறகும் வராமல் இருப்பதும் ஒழுங்கீனம்தான். ஆனால் நிர்வாகத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. விளக்கத்தை ஏற்று அந்தக் காலத்துக்கு விடுப்பு அனுமதிக்கலாம், அப்படிச் செய்தால் தவறு மன்னிக்கப்பட்டுவிடுகிறது. அல்லது அதைத் தவறான நடத்தையாகக் கொண்டு, விசாரணை நடத்தித் தண்டிக்கலாம். எந்த வழியில் போகிறீர்கள் என்பது நீங்கள் அனுப்பும் காகிதத்தின் சொற்களில்தான் இருக்கிறது.

முதலில் சட்டப்படி எத்தனை நாள் என்ற கணக்கைப் பார்த்துவிடலாம். நிலையாணை என்பது ஒரு நிறுவனத்தின் வேலை விதிகளையும் ஒழுங்கு விதிகளையும் எழுதி வைத்திருக்கும் தொகுப்பு. 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில் இரண்டு எண்கள் வருகின்றன. அனுமதித்த விடுப்போ நீட்டித்த விடுப்போ முடிந்து 8 நாட்களுக்குள் திரும்பிவந்து, வரமுடியாமல் போனதற்கு நிர்வாகம் ஏற்கும்படி காரணம் சொல்லாவிட்டால் அந்தத் தொழிலாளி தன் பணியிட உரிமையை இழக்கிறார், நிரந்தர ஆள் வராத இடத்தில் வேலை பெறுவோரின் பதிலிப் பட்டியலுக்குப் போகிறார். இது ஓர் இடத்தில் இருக்கிறது. தவறான நடத்தைகளின் பட்டியல் இன்னோர் இடம். அங்கே வழக்கமாக விடுப்பின்றி வராமல் இருப்பது, அல்லது விடுப்பின்றி 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பது என்று இருக்கிறது. உங்கள் கம்பெனியின் சான்றிடப்பட்ட நிலையாணையில் இந்த எண்கள் வேறாக இருக்கலாம். லீவு முடிந்து போதிய காரணமின்றி வராமல் இருப்பதைத் தனிக் குற்றமாகவே சேர்த்திருக்கும் நிலையாணைகளும் உண்டு. ஆகவே நோட்டீஸ் எழுத உட்காருமுன் சொந்த நிலையாணைப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது முதல் வேலை. மாதிரியைப் பார்த்து எழுதிய பிரிவு எண் உங்கள் புத்தகத்தில் குடிநீர் வசதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழில் உறவுத் தொகுப்பின்படி நிலையாணை கட்டாயம் என்பது 300 தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள இடங்களில் நியமனக் கடிதத்திலும் விடுப்பு விதிகளிலும் எழுதியிருப்பதே பேசும். கடை, அலுவலகம் என்றால் தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமின்றி நீக்கமுடியாது. தவறான நடத்தை என்று நீக்கினால், விசாரணையில் பதிவான சாட்சியம் அதைத் தாங்கவேண்டும். ஆக எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் கீழே சொல்வது பொருந்தும், பிரிவு எண்கள்தான் மாறும்.

அந்த 8 நாள் விதியை வைத்துக்கொண்டு "ஆள் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்" என்று ஒரே வரியில் பெயரை அடித்துவிடலாமா? ஒரு காலத்தில் முடிந்தது. அந்தத் தீர்ப்பு நம் ஊர் ஆலை சம்பந்தப்பட்டதுதான். சென்னை பெரம்பூரின் பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் மில், மக்கள் வாயில் பி அண்ட் சி மில். தொடர்ந்து எட்டு வேலை நாள் அனுமதியின்றி வராவிட்டால் வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படும் என்று அதன் நிலையாணை சொன்னது. வெங்கடையா என்ற தொழிலாளி 1957 ஜனவரியில் லீவில் போய், லீவு முடிந்த பிறகும் பல வாரங்கள் வரவில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்ததாக டாக்டர் சான்றிதழோடு வந்து நின்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1963-இல் மில் ஜெயித்தது. நிலையாணையில் எழுதியிருக்கிறது, அது தானாக நடக்கும் என்பதுதான் அன்றைய வாதம்.

முப்பது வருடத்தில் நிலைமை மாறியது. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, நிலையாணை எப்படி எழுதியிருந்தாலும் அந்த மனிதனைக் கேட்காமல் வேலையைப் பறிக்கமுடியாது என்றது. யாதவின் வாதம் என்ன தெரியுமா? நான் வந்தேன், கேட்டில் நிறுத்திவிட்டார்கள் என்பது. அதை விசாரிக்காமலே தானாக விலகினார் என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு மறுபடி வேலையும் பாதிப் பின்சம்பளமும் கிடைத்தன. 1998-இல் அப்ட்ரான் நிறுவன வழக்கில் மகப்பேறு விடுப்பில் போய்த் திரும்பாத பெண் ஊழியர் விஷயத்திலும் இதே முடிவுதான். இன்றைக்கும் சில ஹெச்.ஆர். கோப்புகளில் "தாங்கள் தாமாகவே பணியை விட்டு விலகியதாகக் கருதப்படுகிறது" என்ற வாக்கியம் அச்சடித்த படிவமாகவே கிடக்கிறது. 1993-க்கு முந்தைய சரக்கு அது. தூக்கிப் போட்டுவிடலாம்.

நம் லேத் ஆபரேட்டருக்கு வருவோம்.

11-ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு அவர் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சார், அம்மா படியில வழுக்கி விழுந்துட்டாங்க. தென்காசி ஜி.எச்.ல சேர்த்திருக்கோம். ரெண்டு மூணு நாள் ஆகும் சார்." சூப்பர்வைசர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 16-ஆம் தேதி சனிக்கிழமை ஆள் வருகிறார், கையில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. லீவு முடிந்து 8 நாட்களுக்குள் வந்துவிட்டார், காரணம் சொல்கிறார், காகிதம் இருக்கிறது, முன்கூட்டியே தகவலும் கொடுத்திருக்கிறார். இது சம்பளமில்லா விடுப்பாக முடியவேண்டிய விஷயம். கணக்கில் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்தால், அவர் கேட்டால், அதில் கழிக்கலாமா என்றும் பார்க்கவேண்டும்.

அந்தக் கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தை. சூப்பர்வைசருக்கு விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் இல்லையென்றால் அது அனுமதி ஆகாது. ஆனால் நிர்வாகத்துக்குத் தகவல் தெரிந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. "எந்தத் தகவலுமின்றி" என்று பிறகு நோட்டீசில் எழுதினால் அந்த ஒரு விரலே அதைக் கவிழ்த்துவிடும். நோட்டீஸ் எழுதுமுன் சூப்பர்வைசரையும் லைன் லீடரையும் "உங்களுக்கு ஏதாவது போன், மெசேஜ் வந்ததா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது இதனால்தான்.

பணக் கணக்கு: மாதச் சம்பளம் ரூ.20,800, நாள் கணக்கு 26-ஆல் வகுத்து என்றால் ஒரு நாளுக்கு ரூ.800. வராத வேலை நாட்கள் 11 முதல் 15 வரை ஐந்து. பிடித்தம் ரூ.4,000. நடுவில் வந்த 10-ஆம் தேதி ஞாயிற்றையும் சேர்த்து ஆறு நாளாகப் பிடிக்கலாமா என்ற கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது. 26-ஆல் வகுக்கும் இடத்தில் ஞாயிறு ஏற்கெனவே கணக்கில் இல்லை. மறுபடி அதற்கும் பிடித்தால் ஒரே ஞாயிறை இரண்டு முறை வெட்டியதாகும். சட்டமும், வேலைக்கு வந்தாகவேண்டிய நேரத்தில் வராததற்குத்தான் பிடித்தம், அதுவும் வராத காலத்தின் விகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி ஊதியத் தொகுப்பிலும் தொடர்கிறது. "சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் கட்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வழக்கம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அது பிடித்தம் அல்ல, பெயர் மாற்றிய அபராதம்.

இந்த நிலையில் கொடுக்கவேண்டிய கடிதம் சின்னது. இப்படி இருக்கலாம்:

> பொருள்: 11.5 முதல் 15.5 வரையிலான நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக அனுமதித்தல்
>
> தங்களுக்கு 4.5 முதல் 9.5 வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. தாங்கள் 11.5 அன்று பணிக்குத் திரும்பவேண்டியிருக்க, 16.5 அன்று திரும்பினீர்கள். தாயாரின் மருத்துவமனைச் சிகிச்சை காரணமாக வர இயலவில்லை என்று 16.5 தேதியிட்ட கடிதத்தில் தெரிவித்து, மருத்துவமனைச் சான்றினையும் அளித்துள்ளீர்கள். தங்கள் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தங்கள் கணக்கில் வேறு விடுப்பு இல்லாததால், மேற்கண்ட 5 வேலை நாட்கள் சம்பளமில்லா விடுப்பாக அனுமதிக்கப்படுகின்றன. இதனால் தங்கள் பணித் தொடர்ச்சிக்குப் பாதிப்பு இல்லை. இனி விடுப்பை நீட்டிக்க நேர்ந்தால், விடுப்பு முடியுமுன் பணியாளர் பிரிவுக்குத் தெரிவிக்கவும்.

இதில் மூன்று சொற்கள்தான் வேலை செய்கின்றன: விளக்கம் ஏற்கப்படுகிறது, விடுப்பாக அனுமதிக்கப்படுகிறது, பணித் தொடர்ச்சிக்குப் பாதிப்பு இல்லை. பலரும் இந்தக் கடிதத்தின் கடைசியில் "இது கடும் எச்சரிக்கையாகக் கருதப்படும்", "மீண்டும் நடந்தால் ஒழுங்கு நடவடிக்கை பாயும்" என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். பழக்கதோஷம். ஏற்றுக்கொண்ட காரணத்துக்கு எதற்கு எச்சரிக்கை? பல நிலையாணைகளில் எச்சரிக்கை என்பதே ஒரு தண்டனை. விளக்கம் கேட்காமல் கொடுத்த தண்டனையை, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும் அதே கடிதத்தில் வைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும். அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்று சொல்வது போதும்.

பணித் தொடர்ச்சி வரிக்கும் காரணம் உண்டு. பணிக்கொடைக் கணக்கில், அனுமதியின்றி வராத நாட்கள் கூட, நிலையாணைப்படி பணிமுறிவு என்று தனியாக உத்தரவு போட்டால் தவிர, தொடர்ச்சியை அறுப்பதில்லை. சம்பளம் போனதால் சர்வீஸ் போய்விட்டது என்று தொழிலாளர்கள் பயப்படுவது அதிகம், சில கணக்குப் பிரிவுகளும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கின்றன. கடிதத்தில் ஒரு வரி இருந்தால் பத்து வருடம் கழித்து வரும் சண்டை மிச்சம்.

சரி, இனி இன்னொரு மாதிரி. அதே ஆள், அதே லீவு. ஆனால் 11-ஆம் தேதி செய்தி இல்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். 12, 13 போய்விட்டன. இங்கே எடுத்த எடுப்பில் சார்ஜ் ஷீட் கிடையாது. முதலில் ஒரு அழைப்புக் கடிதம். 14-ஆம் தேதி அனுப்பலாம்:

> தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட விடுப்பு 9.5 அன்று முடிந்தது. தாங்கள் 11.5 முதல் பணிக்கு வரவில்லை. விடுப்பு நீட்டிப்புக் கோரி எந்த விண்ணப்பமும் பணியாளர் பிரிவுக்குக் கிடைக்கவில்லை. தாங்கள் 20.5 அன்றோ அதற்கு முன்னரோ பணிக்குத் திரும்பி, வராமைக்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும். உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் வர இயலாத நிலை இருந்தால், உரிய சான்றுடன் அதே தேதிக்குள் தெரிவிக்கவும். இவ்விரண்டும் செய்யத் தவறினால், நிலையாணைகளின்படி மேல்நடவடிக்கை குறித்து நிர்வாகம் முடிவு செய்யும்.

"தகவலே இல்லை" என்று எழுதாமல் "பணியாளர் பிரிவுக்கு விண்ணப்பம் கிடைக்கவில்லை" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான். 'குற்றம்', 'தவறான நடத்தை' என்ற சொற்கள் இந்தக் கடிதத்தில் வரக்கூடாது. இது ஆளைத் திரும்ப அழைக்கும் கடிதம். நோய் இருந்தால் சொல்லுங்கள் என்ற வரி கருணைக்காக மட்டும் இல்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவித்தொகை பெற்றுக்கொண்டிருக்கும்போதோ, முறைப்படி சான்றளிக்கப்பட்ட நோயால் வராமல் இருக்கும்போதோ ஒருவரை நீக்கவோ தண்டிக்கவோ தடை விதித்தது. அந்தக் காலத்தில் கொடுத்த நீக்க அறிவிப்பே செல்லாது என்றது. ஆள் மஞ்சள் காமாலையோடு ஊரில் படுத்திருக்க, இங்கே நாள் எண்ணி நீக்குவது நிர்வாகத்துக்கே வினையாகும்.

கடிதம் இரண்டு முகவரிக்கும் போகவேண்டும்: கோவையில் அவர் தங்கியிருக்கும் அறை, பணிப்பதிவேட்டில் உள்ள சொந்த ஊர். லீவில் ஊருக்குப் போனவருக்குக் கோவை அறைக்கு மட்டும் கடிதம் அனுப்பிவிட்டு, "கதவு பூட்டியுள்ளது" என்று திரும்பிவந்த உறையைக் கோப்பில் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. 1998-இல் தீனாநாத் கரேக்கர் வழக்கில், ஆள் காணப்படவில்லை என்று திரும்பிவந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை அவருக்குச் சார்வு செய்ததாகக் கொள்ளமுடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பெற மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திரும்பினால் கதை வேறு. அதனால் திரும்பிவரும் உறையைப் பிரிக்காமல், மேலே உள்ள குறிப்போடு அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பலாம். நீலக் குறி விழுந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

20-ஆம் தேதியும் போய்விட்டது. இப்போது நாள் எண்ணுவதில் ஒரு சிக்கல். '10 நாளுக்கு மேல்' என்றால் 11-ஆம் தேதியிலிருந்து எண்ணி, 21-ஆம் தேதி பதினோராவது நாள். ஆனால் இடையில் 17-ஆம் தேதி ஞாயிறு. நிலையாணையில் வேலை நாட்கள் என்று இருந்தால் பதினோராவது நாள் 22-ஆம் தேதிதான். எது சரி என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, 22-ஆம் தேதி ஷிப்டு முடியும்வரை பொறுத்து 23-ஆம் தேதி சார்ஜ் ஷீட் கொடுப்பது புத்திசாலித்தனம். எப்படி எண்ணினாலும் குற்றம் நிற்கும். ஒரு நாள் அவசரப்பட்டதால் தோற்றுப்போன கோப்பை வைத்துக்கொண்டு பிறகு அழுவானேன்.

அந்தக் குறிப்பாணை இப்படி இருக்கலாம்:

> 1. தங்களுக்கு 4.5 முதல் 9.5 வரை அனுமதிக்கப்பட்ட விடுப்பு முடிந்த பின், தாங்கள் 11.5 அன்று பணிக்குத் திரும்பவேண்டியிருந்தது. தாங்கள் 11.5 முதல் இன்றுவரை விடுப்பு அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை.
>
> 2. பணிக்குத் திரும்புமாறு 14.5 அன்று இரண்டு முகவரிகளுக்கும் அனுப்பப்பட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை.
>
> 3. மேற்கூறியவாறு போதிய காரணமின்றி, வேண்டுமென்றே, 10 நாட்களுக்கு மேல் பணிக்கு வராமல் இருந்தது, சான்றிடப்பட்ட நிலையாணை எண் __ உட்பிரிவு __-இன் கீழ் தவறான நடத்தை என்று தங்கள்மீது குற்றம் சாட்டப்படுகிறது.
>
> 4. இக்குற்றச்சாட்டு குறித்துத் தங்கள் எழுத்துப்பூர்வ விளக்கத்தை, இக்குறிப்பாணை கிடைத்த 7 நாட்களுக்குள் அளிக்கவும். விளக்கம் வராவிட்டாலோ ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ உள்விசாரணை நடத்தப்படும்.
>
> 5. பணிக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் வழங்கப்படாதது கணக்கு ஒழுங்கு மட்டுமே. அந்நாட்களுக்கு விடுப்பு அனுமதித்ததாக ஆகாது.

மூன்றாவது பத்தியில் 'வேண்டுமென்றே' என்ற சொல் அலங்காரத்துக்கு வரவில்லை. 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், வராமல் இருந்தது மட்டும் போதாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று விசாரணையில் தெரியவேண்டும், தவிர்க்கமுடியாத சூழ்நிலையால் வராமல் போனதை அப்படிச் சொல்லமுடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசுப் பணி வழக்கு, விதியும் வேறு. ஆனால் தொழிற்சாலை வழக்குகளிலும் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். குற்றச்சாட்டிலேயே அந்தச் சொல் இல்லாவிட்டால், விசாரணையில் அதைப் பற்றிக் கேள்வியும் வராது, முடிவும் வராது.

'குற்றம் சாட்டப்படுகிறது' என்பதற்குப் பதில் 'குற்றம் புரிந்துள்ளீர்கள்' என்று எழுதினால், விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டதாக ஆகும். 'உங்களை ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது' என்று இதே காகிதத்தில் கேட்பதும் அதே தவறுதான். தண்டனையைப் பற்றிய பேச்சு விசாரணை அறிக்கை வந்த பிறகு, தனி நோட்டீசில். முந்தைய மாதங்களில் இதே மாதிரி இரண்டு மூன்று முறை செய்திருந்து, அதைத் தண்டனையின்போது கணக்கில் எடுக்க நினைத்தால், அந்தத் தேதிகளை அவருக்குத் தெரியப்படுத்தியே ஆகவேண்டும். 'வழக்கமாக வராமல் இருப்பவர்' என்ற குற்றச்சாட்டென்றால் தேதிகள் சார்ஜ் ஷீட்டிலேயே இருக்கவேண்டும். ஆனால் அந்தப் பழைய நாட்களைச் சம்பளமில்லா விடுப்பு என்று நீங்களே அனுமதித்து உத்தரவு போட்டிருந்தால், அவற்றை இப்போது குற்றப் பட்டியலில் சேர்க்கமுடியாது. மென்பொருள் போட்ட 'லாஸ் ஆஃப் பே'யை வைத்து வாதாட இடமிருக்கிறது, கையெழுத்திட்ட அனுமதிக்கு இடமில்லை. பேரோலில் அனுமதித்த சம்பளமில்லா விடுப்புக்கு ஒரு குறியீடும், அனுமதியில்லாத வராமைக்கு வேறொரு குறியீடும் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அரை மணி நேர வேலை, ஆனால் பல கம்பெனிகளில் இன்னும் செய்யவில்லை.

25-ஆம் தேதி திங்கள் காலை, சார்ஜ் ஷீட் தபாலில் இருக்கும்போதே, ஆள் கேட்டில் வந்து நிற்கிறார். மச்சானின் ரைஸ் மில்லில் ஆள் இல்லை, நின்று பார்த்துக்கொடுத்தேன் என்கிறார். செக்யூரிட்டி "உங்க பேர்ல நோட்டீஸ் போயிருக்கு, ஹெச்.ஆர். வரச் சொன்னா வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அது யாதவ் வழக்கின் மறுபதிப்பு. அந்த நிமிடத்திலிருந்து வராமை அவருடையது அல்ல, உங்களுடையது. உள்ளே விடுங்கள். பணியேற்புக் கடிதமும் காரணமும் எழுதி வாங்குங்கள், சார்ஜ் ஷீட் நகலை நேரில் கொடுத்துக் கையெழுத்து பெறுங்கள். ஷிப்டுக்கு அனுப்புங்கள். விசாரணை தன் போக்கில் நடக்கட்டும். பணியேற்புக் கடிதத்தின் ஓரத்தில் யாராவது 'ஓகே, எல்.ஓ.பி. போடவும்' என்று எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஷீட்டைக் கொல்ல அந்த மூன்று சொற்கள் போதும்.

விசாரணையில் ரைஸ் மில் விஷயத்தை அவரே ஒப்புக்கொள்கிறார், குற்றம் நிரூபணமாகிறது என்று கொள்வோம். என்ன தண்டனை? முதல் முறை, வராதது 12 வேலை நாள், எட்டு வருட சர்வீஸ் என்றால் நீக்கம் தாங்காது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் இருக்கிறது, குறைக்கவும் செய்யும். மத்திய மாதிரி நிலையாணை ஒரு தடவைக்கு நாலு நாள் வரை தண்டனையாகச் சஸ்பென்ஷன் கொடுக்க இடம் தருகிறது. இந்த ஆளுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று மாதம், இடையில் எத்தனை கடிதம் போட்டாலும் பதில் இல்லை, வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதற்கு ஆதாரம் இருக்கிறது என்றால் நீக்கத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் விசாரணை நடத்தித்தான்.

கடைசி உத்தரவில்தான் பலர் சறுக்குகிறார்கள். தண்டனையைப் போட்டுவிட்டு, அதோடு "11.5 முதல் 23.5 வரையிலான காலம் சம்பளமில்லா விடுப்பாக முறைப்படுத்தப்படுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். 1998-இல் பக்‌ஷிஷ் சிங் வழக்கில் இப்படி ஒரு வரியால், குற்றச்சாட்டே நிற்கவில்லை என்ற முடிவுக்கு உச்ச நீதிமன்றம் போனது. தண்டனை விதித்த பிறகு அந்த நாட்களைப் பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்பதற்காக மட்டும் எழுதிய வரி தண்டனையைப் பாதிக்காது என்று பிந்தைய தீர்ப்புகள், சிங்லா வழக்கும் சேர்த்து, தெளிவாக்கிவிட்டன. இருந்தாலும் அந்த வாதத்துக்கு இடமே கொடுக்காமல் எழுதிவிடலாம்:

> விசாரணையில் நிரூபிக்கப்பட்ட மேற்கண்ட தவறான நடத்தைக்காகத் தங்களுக்கு மூன்று நாள் தற்காலிகப் பணிநீக்கம் தண்டனையாக விதிக்கப்படுகிறது. 11.5 முதல் 23.5 வரையிலான 12 வேலை நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்நாட்கள் பணிப்பதிவேட்டில் 'அனுமதியற்ற வராமை' என்று பதியப்படும். இப்பதிவு கணக்குக்காக மட்டுமே, விடுப்பு அனுமதியாகாது.

தண்டனை முதல் வாக்கியத்தில், கணக்கு அடுத்ததில். 'விடுப்பு' என்ற சொல், அது அனுமதிக்கப்படவில்லை என்று சொல்வதற்காக மட்டுமே வருகிறது. பன்னிரண்டு நாளுக்கு ரூ.9,600 போகும், சஸ்பென்ஷன் மூன்று நாளுக்கு ரூ.2,400 தனியாக. பி.எஃப். மாதக் கணக்கில் பங்களிப்பில்லாத நாட்களாக இவற்றைக் காட்டும்போது, எந்த நாள் வராமை, எந்த நாள் சஸ்பென்ஷன் என்று பிரித்துப் பேரோலுக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடலாம்.